வலியே இல்லாமல் ஐந்தாம் மாதத்தில் குழந்தை போனது ஏன்?

"என் தங்கைக்கு இருபதாவது வாரத்தில் குழந்தை போய்விட்டது. வலி இல்லை, பெரிய ரத்தப்போக்கும் இல்லை. பத்து நாள் முன்னால் எடுத்த அஞ்சாம் மாச ஸ்கேன் நார்மல் என்றார்கள். ஸ்கூட்டரில் வேலைக்குப் போனதால்தான் இப்படி ஆனது என்று மாமியார் வீட்டில் சொல்கிறார்கள். உண்மையில் என்ன நடந்திருக்கும்? மறுபடியும் நடக்குமா? இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

ஸ்கூட்டரால் இல்லை. இதை உங்கள் தங்கையிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். நான் பிரசவ வார்டில் 24 வருடம் செவிலியராக இருந்தவள். இந்த மாதிரி வந்த பெண்கள் எல்லோருக்கும் வீட்டில் யாராவது ஒரு காரணம் தயாராக வைத்திருப்பார்கள். பப்பாளி, தண்ணீர்க் குடம், பஸ் பயணம், கண்ணேறு. ஸ்கூட்டரும் அந்த வரிசையில் ஒன்று, அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கர்ப்பப்பை வாய். கர்ப்பப்பையின் அடியில் இருக்கும் அந்தக் கழுத்துப் பகுதி பிரசவம் வரை மூடி, கெட்டியாக இருக்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் அதன் நீளம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் இருக்கும். சிலருக்கு அது வலி எதுவும் இல்லாமலே மெல்ல மெல்லக் குட்டையாகி, மேலிருந்து கீழாகத் திறந்துகொள்கிறது, பனிக்குடம் அதன் வழியே கீழே பிதுங்குகிறது, குடம் உடைந்த பிறகுதான் பலருக்கு ஏதோ தப்பு என்றே தெரியும். டாக்டர்கள் பேச்சுவழக்கில் 'வாய் வீக்காக இருக்கு' என்பது இதைத்தான். முன்பு கர்ப்பப்பை வாயில் ஆபரேஷன் நடந்திருந்தாலோ, வாயை விரித்துச் செய்யும் டி அண்ட் சி பலமுறை நடந்திருந்தாலோ, கர்ப்பப்பையின் பிறவி அமைப்பு வேறாக இருந்தாலோ இது வர வாய்ப்பு அதிகம். ஆனால் எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடியாதவர்கள்தான் நான் பார்த்தவர்களில் நிறையப் பேர்.

அப்படியென்றால் ஸ்கேன் எப்படி நார்மல்? அஞ்சாம் மாச ஸ்கேன் முக்கியமாகக் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கிறது. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும்போது கர்ப்பப்பை வாய் சரியாகத் தெரியாது, அதுவும் மூத்திரப்பை நிறைந்திருந்தால் அது இருப்பதைவிட நீளமாகக் காட்டும். சரியாக அளக்க வேண்டுமென்றால் மூத்திரம் போய்விட்டு வரச்சொல்லி, உள்வழியாக ஸ்கேன் செய்ய வேண்டும். எல்லோருக்கும் அதைச் செய்வதில்லை. தவிர, அன்றைக்கு நீளம் சரியாக இருந்து, பத்து நாளில் சுருங்கிப்போனதும் உண்டு. அதனால் ஸ்கேன் எடுத்தவர் தப்பு செய்தார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை நடக்கும் இழப்புகளுக்கு வேறு காரணங்களும் உண்டு. குழந்தையின் குரோமோசோம் கோளாறு, கர்ப்பப்பைக்குள் ஏறிவரும் கிருமித்தொற்று, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது, தாயின் ரத்தம் எளிதில் உறையும் ஒரு நிலை, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை. நூறு கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ இந்தக் கட்டத்தில் முடிந்துபோகின்றன. உங்கள் தங்கை விஷயத்தில் தொற்றைத்தான் முக்கியமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வாய் முதலில் திறந்து தொற்று உள்ளே போனதா, தொற்று முதலில் வந்து வாயைத் திறக்கவைத்ததா என்பது பல நேரங்களில் குழப்பமாகவே இருக்கும்.

நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான். கர்ப்பம் இல்லாத நேரத்தில் கர்ப்பப்பை வாய் வீக்காக இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்லும் டெஸ்ட் எதுவும் கிடையாது. அடுத்த கர்ப்பத்தில் என்ன செய்வது என்று டாக்டர் முடிவெடுப்பது பெரும்பாலும் போன தடவை என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது என்ற கதையை வைத்துத்தான். அந்தக் கதை உங்கள் தங்கையின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் '20 வாரம், ஸ்பான்டேனியஸ் அபார்ஷன்' என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். (அபார்ஷன் என்று போட்டிருப்பதைப் பார்த்து மனம் நோக வேண்டாம். கருவைக் கலைத்தாள் என்று அதற்கு அர்த்தம் இல்லை, தானாகப் போனதற்கும் மருத்துவத்தில் அந்தச் சொல்தான்.) வருகிறவர் போகிறவரெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்லச் சொல்ல, ஆறு மாதத்தில் அவளுக்கே வரிசை மறந்துவிடும். அதனால் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

எப்படி எழுதுவது என்பதற்கு நான் பார்த்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடிதான் சொல்கிறேன். 27 வயது, முதல் கர்ப்பம், 20 வாரம் 3 நாள். இரவு பத்து மணிக்கு மேல் மாமியாரோடு ஆட்டோவில் வந்தாள். வாசலிலேயே மாமியார், "நேத்து கல்யாண வீட்டுக்குப் போகாதேன்னு சொன்னேன், கேட்டாளா?" என்று ஆரம்பித்தார். நான் அவளைத் தனியாக உட்காரவைத்து, மூன்று நாள் பின்னால் போய் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஞாயிறு காலையிலிருந்து வெள்ளைப்படுதல் வழக்கத்தைவிடத் தண்ணீராக இருந்திருக்கிறது. திங்கள் மதியம் அடிவயிறு கனமாக, 'கீழே ஏதோ இறங்குற மாதிரி' இருந்திருக்கிறது. லேசான இடுப்புக் கடுப்பு, ஆனால் விட்டு விட்டு வரும் வலி இல்லை. கல்யாணத்துக்குப் போனது அதற்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை. புதன் இரவு பாத்ரூமில் கழுவும்போது பலூன் மாதிரி ஏதோ கையில் தட்டுப்பட்டிருக்கிறது. காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, தண்ணீர் உடையவில்லை.

அந்த வரிசையைக் காகிதத்தில் எழுதியபோது இரண்டு காரியம் நடந்தது. கல்யாணத்துக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பே மாற்றம் தொடங்கிவிட்டது என்பது மாமியாருக்கே புரிந்தது. வலிக்கும் தண்ணீர் உடைவதற்கும் முன்னால் வாய் திறந்திருக்கிறது என்பது டாக்டருக்குப் பதிவானது. உங்கள் தங்கையிடமும் இதே மாதிரி கேளுங்கள்: முதலில் வந்தது எது, கனமா, தண்ணீரா, ரத்தமா, வலியா, காய்ச்சலா? ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாய் எவ்வளவு திறந்திருந்தது என்று சொன்னார்கள்? குழந்தைக்குத் துடிப்பு இருந்ததா? பிறக்க எத்தனை மணி நேரம் ஆனது? கேஸ் ஷீட்டின் நகலையும் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு வாய் நாலு சென்டிமீட்டர் திறந்திருந்தது, பனிக்குடம் வெளியே பிதுங்கியிருந்தது, குழந்தையின் துடிப்பு நன்றாக இருந்தது. இந்த நிலையில் சிலருக்கு அவசரமாகத் தையல் போட்டுப் பார்ப்பது உண்டு, அது சில வாரங்களை வாங்கித் தரலாம். ஆனால் உள்ளே தொற்று இருந்தாலோ, பிரசவ வலி ஆரம்பித்திருந்தாலோ தையல் போடக்கூடாது. இவளுக்கு விடிகாலை காய்ச்சல் 38.4 டிகிரி ஆனது, நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டியது. தொற்று உள்ளே ஏறிவிட்டது என்று அர்த்தம். துடிப்பு இருக்கும்போதே பிரசவத்தை முடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அவள் கணவர் உடைந்துபோனார். "துடிக்குதுன்னு சொல்றீங்க, அப்புறம் எப்படிம்மா?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியை நிறைய அப்பாக்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இருபது வாரத்தில் குழந்தை வெளியே பிழைக்க வழியில்லை, தொற்றோடு காத்திருந்தால் தாயும் போய்விடக்கூடும். 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரில், கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனாவர் 17-ஆவது வாரத்தில் இதே நிலையில் இறந்தார். குழந்தையின் துடிப்பு நிற்கட்டும் என்று அங்கே காத்திருந்தார்கள், ரத்தத்தில் தொற்று பரவிவிட்டது. அந்த மரணத்துக்குப் பிறகு எழுந்த போராட்டம்தான் 2018-இல் அந்த நாட்டுச் சட்டத்தையே மாற்றவைத்தது. உங்கள் தங்கைக்கும் துடிப்பு இருக்கும்போதே அப்படிச் செய்ய வேண்டி வந்திருந்தால், கையெழுத்துப் போட்டவர் யாராக இருந்தாலும் அவர் குழந்தையைக் கொன்றவர் இல்லை என்று வீட்டில் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சரி, ஆஸ்பத்திரியில் பொதுவாக நடப்பது இது. ஐந்தாம் மாதத்தில் பெரும்பாலும் மாத்திரை வைத்து வலி வரவைத்து, பிரசவம் போலவே நடக்கவிடுவார்கள். குழந்தை ஏற்கெனவே இறந்திருந்தால் முதலில் ஒரு மாத்திரை கொடுத்து, ஒன்று இரண்டு நாள் கழித்து அடுத்த மருந்தைத் தொடங்குவது வழக்கம். வலிக்கு ஊசி கேட்டு வாங்கலாம், குழந்தையைப் பற்றிய கவலை இல்லாததால் தாராளமாகவே கொடுக்க முடியும், ஆனால் கேட்காவிட்டால் பல இடங்களில் கொடுப்பதில்லை. இந்த மாதத்தில் நஞ்சுக்கொடி சில நேரம் முழுசாக வராது, தியேட்டருக்குக் கொண்டுபோய் எடுக்க வேண்டி வரும். தாயின் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டாக வேண்டும். தங்கை நெகட்டிவ் என்றால் போட்டார்களா என்று சீட்டில் பாருங்கள்.

பரிசோதனைகளில் ஒரு சின்ன விஷயம் பெரிய நஷ்டமாகிவிடுகிறது. நஞ்சுக்கொடியைத் தொற்றுக்காகப் பார்க்க ஃபார்மலினில் போட்டு அனுப்புவார்கள். குரோமோசோம் பார்க்க வேண்டிய திசுவை ஃபார்மலினில் போட்டால் வீணாகிவிடும், அதைச் சலைனில் தனியாக அனுப்ப வேண்டும். இரவு நேரத்தில் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுவிடுவார்கள். உங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது, இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். நஞ்சுக்கொடி ரிப்போர்ட் வந்திருந்தால் வாங்கி வையுங்கள். இனிமேல் செய்யக்கூடியவை: சர்க்கரை, தைராய்டு, கர்ப்பப்பை அமைப்பைப் பார்க்கும் ஸ்கேன், ரத்தம் உறையும் நிலைக்கான ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனை. கடைசியாகச் சொன்னது ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது, 12 வாரம் கழித்து மறுபடியும் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

வார்டில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, பால். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வீட்டுக்குப் போன பிறகு மார்பு கட்டி, பால் கசியும். குழந்தை இல்லாத கையோடு நிற்கிறவளுக்கு அதைப்போல ஒரு வேதனை இல்லை. "இதைச் சொல்லியிருக்கலாமே அக்கா" என்று என்னிடம் அழுதவர்கள் உண்டு, அதற்குப் பிறகு நான் ஒருவரையும் சொல்லாமல் அனுப்பியதில்லை. முதல் நாளே டாக்டரிடம் கேட்டால் பால் வராமல் தடுக்க மாத்திரை தருவார், ரத்த அழுத்தம் அதிகம் இருப்பவர்களுக்கு அது ஆகாது. கட்டிக்கொண்ட பிறகு என்றால் இறுக்கமில்லாமல் தாங்கிப்பிடிக்கும் உள்ளாடை, குளிர்ந்த துணி, வலி மாத்திரை. முழுசாகப் பீய்ச்சி எடுக்கக்கூடாது, இன்னும் சுரக்கும். நம் பாட்டிமார் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள், வேலூர் மருத்துவர்கள் அதை மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1988-இல் எழுதினார்கள், பால் கட்டுவதைப் பூவும் குறைத்தது. தங்கைக்கு அது பிடித்தால் செய்யட்டும், பூவைப் பார்த்தால் மனசு கலங்கும் என்றால் வேண்டாம்.

குழந்தையைப் பார்ப்பது பற்றி. நம் பக்கம் 'பெத்தவ பார்க்கக்கூடாது, மனசுல நின்னுடும்' என்று பெரியவர்கள் மறைத்துவிடுவார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான் பார்த்தவரை பார்க்காதவர்கள் வருடக்கணக்காகக் கற்பனையில் பயங்கரமாக எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இருபது வாரக் குழந்தை சுமார் 300 கிராம் இருக்கும், ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம். தோல் மெல்லிசாகச் சிவந்திருக்கும், கண்கள் மூடியிருக்கும், விரல்கள் முழுசாக இருக்கும். நான் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு தாயிடம் இரண்டு முறை கேட்பேன். முதலில் வேண்டாம் என்றவர்களில் பலர் ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டுக் கேட்பார்கள். வேண்டாம் என்றே சொல்பவர்களை வற்புறுத்தவும் கூடாது. உங்கள் தங்கை பார்க்கவில்லை என்றால், பார்த்தவர் யாரோ அவர் அவளிடம் உட்கார்ந்து எப்படி இருந்தது, பெண்ணா பையனா, எங்கே புதைத்தீர்கள் என்று சொல்லலாம். அவள் கேட்கும்போது பேச்சை மாற்றாதீர்கள்.

மாப்பிள்ளையையும் ஒருமுறை தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். கையெழுத்துப் போட்டது, துணி வாங்கியது, குழி தோண்ட ஆள் தேடியது எல்லாம் பெரும்பாலும் அப்பாதான், ஆனால் எல்லோரும் அவரிடம் 'அவ எப்படி இருக்கா' என்று மட்டும்தான் கேட்பார்கள். அந்தக் கல்யாண வீட்டுப் பெண்ணின் கணவர் நாற்பது நாள் கழித்து ரிப்போர்ட் வாங்க வந்தபோதுதான் முதல்முறை அழுதார், எங்கள் ரிப்போர்ட் கவுன்டர் முன்னால் நின்றுகொண்டே.

தங்கைக்கு வேலையில் விடுப்பு உண்டு. மகப்பேறு நலனுக்கான சட்டத்தில் கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று இருக்கிறது, ஆஸ்பத்திரி சான்றுதான் வேண்டும். ஒரே வாரத்தில் வேலைக்குத் திரும்பச் சொன்னால் இதைக் காட்டுங்கள். ரத்தப்போக்கு இரண்டு மூன்று வாரம் மெல்லக் குறையும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுசாக நனைவது, காய்ச்சல், கெட்ட வாடை இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடில்லை, 'நான் எதுக்கு இருக்கணும்' என்று பேசுகிறாள் என்றால் அதைத் துக்கம் என்று விட்டுவிடாமல் மனநல டாக்டரிடம் காட்டுங்கள். அரசின் டெலிமானஸ் எண் 14416-இல் தமிழிலும் எந்த நேரமும் பேசலாம். உயிரை விடும் பேச்சு வந்தால் தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

மறுபடியும் நடக்குமா? நடக்கலாம், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அடுத்த குழந்தை நல்லபடியாகப் பிறக்கிறது, அதுவும் முன்னாலேயே தெரிந்து கவனித்தால். இங்கே டாக்டருக்கு டாக்டர் கருத்து மாறும், அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். வலியில்லாமல் வாய் திறந்தது தெளிவாக இருந்தால் ஒரு இழப்புக்கே சிலர் 12 முதல் 14 வாரத்துக்குள் கர்ப்பப்பை வாயில் தையல் போடுவார்கள். ஒரு இழப்பை மட்டும் வைத்துத் தையல் வேண்டாம், 16 முதல் 24 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உள்வழி ஸ்கேனில் நீளத்தை அளப்போம், 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் போடுவோம் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே ஏற்கப்பட்ட முறைகள். எழுதி வைத்த அந்த வரிசை இங்கேதான் வேலை செய்கிறது, தொற்று முதலில் வந்ததாகத் தெரிந்தால் முடிவு வேறு பக்கம் போகும். இந்தத் தையலை முதலில் உலகத்துக்குச் சொன்னவர்களில் ஒருவர் பம்பாய் மருத்துவர் ஷிரோட்கர், 1955-இல். இன்றைக்கும் அவர் பெயரில்தான் ஒரு தையல் முறை இருக்கிறது.

நான் சொன்ன பெண் ஒன்றரை வருடம் கழித்து வந்தாள், கையில் அதே காகிதம். முதல் முறை காய்ச்சல் வந்திருந்ததால் டாக்டர் உடனே தையல் போடாமல் அளந்து பார்க்கலாம் என்றார். 16 வாரத்தில் 36 மில்லிமீட்டர், 18-இல் 29, 20-இல் 21. மறுநாளே முதுகில் ஊசி போட்டு மரக்க வைத்துத் தையல் போட்டார்கள், அரை மணி நேர வேலை, ஒரு இரவு வார்டில் இருந்தாள். இரவில் உள்ளே வைக்கும் புரொஜெஸ்டிரான் மாத்திரையும் கொடுத்தார்கள். படுத்த படுக்கையாக இருக்கச் சொல்லவில்லை. முழுநேரம் படுத்துக்கிடப்பதால் கர்ப்பம் நிலைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, காலில் ரத்தம் கட்டும், உடம்பு இளைக்கும், மனசும் இருண்டுபோகும். வாராவாரம் போடும் புரொஜெஸ்டிரான் ஊசியும் அப்படித்தான், பலன் நிரூபணமாகவில்லை என்று அமெரிக்காவில் 2023-இல் அதற்கான அனுமதியையே எடுத்துவிட்டார்கள். 37 வாரத்தில் தையலை அவிழ்த்தார்கள், அது மரக்க வைக்காமலே முடிந்துவிடும். பதினொரு நாள் கழித்து வலி வந்து சுகப்பிரசவம். ஆனால் தையல் எல்லோருக்கும் நிற்பதில்லை, அதையும் மறைக்க விரும்பவில்லை. கீழ்வழியாகப் போட்ட தையல் நிற்காமல் இழந்தவர்களுக்கு வயிற்று வழியாக மேலே போடும் தையல் உண்டு, பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் செய்வார்கள், அதன்பிறகு சிசேரியன்தான்.

அடுத்த கர்ப்பம் எப்போது என்பதைத் தங்கையும் மாப்பிள்ளையும் முடிவு செய்யட்டும், மாமியாரும் வேண்டாம், நாமும் வேண்டாம். தங்கிவிட்டது என்று தெரிந்ததும் மூன்றாம் மாதம் முடியட்டும் என்று காத்திருக்காமல், அந்தக் காகிதத்தோடும் கேஸ் ஷீட் நகலோடும் முதல் மாதத்திலேயே டாக்டரைப் பாருங்கள். தையல் வேண்டுமா, அளந்து பார்ப்பதா என்று 12 வாரத்துக்குள் முடிவாகிவிட வேண்டும். அளப்பது என்று முடிவானால் 16-ஆவது வாரத்து ஸ்கேன் தேதியை அன்றைக்கே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.